காயா போத்தல் மூடி திறப்பியல்: சித்தியவான் மரபுகள் குறித்து ஒரு விசாரணை

கடையில் வாங்கிய காயா போத்தலை முதன்முதலாகத் திறப்பது குறித்து, சித்தியவானில் நான் அறிந்த சமையலறை ஒன்றில் இரண்டு மரபுகள் நிலவுகின்றன. ஒன்று வெந்நீர் மரபு. அதன் மூத்த ஆசிரியர் என் அத்தை. மற்றது கரண்டி மரபு. அதன் ஒரே உறுப்பினர் என் மாமா, ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி. மூடியின் மண்டையில் கத்திப்பிடியால் தட்டுவோர், ரப்பர் கையுறை மாட்டித் திருகுவோர், பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுவோர் என உட்பிரிவுகளும் உண்டு. கடைசிப் பிரிவினரிடம் சொந்தக் கருவி எதுவும் இல்லாததால் இவ்வாய்வு அவர்களை ஏற்கவில்லை.

முதலில் எதிராளி யார் என்று நிறுவியாக வேண்டும். மூடியைச் சந்தேகிப்பது பொதுமக்கள் வழக்கம். மூடி நிரபராதி. காயாவைச் சூடாகப் போத்தலில் ஊற்றி, மேலே மிஞ்சிய சிறு இடத்தில் நீராவியை நிரப்பி, அப்போதே மூடிவிடுகிறார்கள். ஆறியதும் நீராவி தண்ணீராகிச் சுருங்க, அந்த இடத்தில் அழுத்தம் வெகுவாகக் குறைகிறது. உள்ளே இருந்து மூடியைத் தாங்க ஆள் போதவில்லை. வெளியே சித்தியவானின் காற்று முழுதும் மேலே உட்கார்ந்திருக்கிறது. உட்புறம் மூடி விளிம்பில் ஒட்டியிருக்கும் மெத்தென்ற வளையம் கண்ணாடி வாயோடு அழுந்திக் கிடக்கிறது. பழைய நாளில் இவ்வளையங்கள் ரப்பரால் ஆனவை. இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் கலவை. பால்மரம் வெட்டிய ஊரில் இதை எழுதும்போது எனக்குச் சற்று வருத்தம்தான். அது ஆய்வைப் பாதிக்கவில்லை.

இப்போது கணக்கு. வாய் அகலம் 63 மில்லிமீட்டர் உள்ள சாதாரணப் போத்தல் என்று கொள்வோம். மூடியின் பரப்பு சுமார் 31 சதுர சென்டிமீட்டர். கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் காற்று ஒரு கிலோவுக்குச் சற்று மேலாக அழுத்துகிறது. உள்ளே பாதி அழுத்தம் மிச்சம் இருப்பதாக வைத்தால், மூடியின் மேல் நிற்கும் நிகரப் பாரம் ஏறக்குறைய 16 கிலோ. அதாவது கிட்டத்தட்ட பத்துக் கிலோ அரிசி மூட்டையும் ஐந்து கிலோ மூட்டையும் மூடியின் மேல் அடுக்கியிருக்க, அத்தை அதைத் திருகப் பார்க்கிறார். இந்த எண்ணை அறிவித்தபோது அத்தை, "அதான் நான் சொல்றேனே, உங்க மாமாவுக்குக் கையில பலம் இல்லன்னு" என்றார். முடிவைத் தரவு ஆதரிக்கவில்லை என்று எடுத்துரைத்தேன். ஏற்கப்படவில்லை.

இதிலிருந்து ஒரு துணைத் தேற்றம் பிறக்கிறது. கேமரன் மலையில் தானா ராத்தா கிட்டத்தட்ட 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் சுமார் 85 விழுக்காடுதான். ஆகவே அதே போத்தலை ஈப்போ, சிம்பாங் பூலாய் வழியாக மலைக்குக் கொண்டுபோனால் பாரம் 16 கிலோவிலிருந்து ஏறத்தாழ 11 கிலோவாக இறங்கும். பெட்ரோல் செலவை மாமா ஒத்துக்கொள்ளாததால் இது ஏட்டளவில் நிற்கிறது.

வெந்நீர் மரபினரின் கொள்கை இது: சூட்டில் தகரம் கண்ணாடியைவிட அதிகம் விரியும், ஆகவே மூடி தளரும். விரிவது உண்மை. எவ்வளவு என்று கேட்டால்தான் மரபு தடுமாறுகிறது. முப்பது டிகிரி சூடேற்றினால் 63 மில்லிமீட்டர் மூடி கண்ணாடியைவிடக் கூடுதலாக விரிவது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் அத்தையின் முறை பலிக்கிறது, காரணம் வேறு. சூட்டில் வளையம் இளகுகிறது. மேலே அடைபட்ட காற்று சூடாகி, ஈரமும் ஆவியாகி, உள்ளிருந்து மூடியை முட்டத் தொடங்குகிறது. அந்த இடம் முழுதும் 60 டிகிரிக்கு வந்தால் 16 கிலோ பத்துப் பதினொன்றாகக் குறையும். கேமரன் மலைக்குப் போன பலன், வீட்டை விட்டு இறங்காமலே.

செய்முறையில் கவனம் வேண்டும். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, மூடி மூழ்கும்படி போத்தலைத் தலைகீழாக ஓரிரு நிமிடம் நிறுத்த வேண்டும். கெட்டியான காயா சட்டென்று இறங்காது என்பதால் சூடு நேரே காலி இடத்துக்குப் போகும். பிறகு மூடியையும் கையையும் நன்றாகத் துடைக்காவிட்டால் பெற்றதெல்லாம் வழுக்கலில் போய்விடும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த போத்தலைக் கொதிநீரில் வைக்கவே கூடாது. நாற்பது டிகிரிக்கு மேல் திடீர் வேறுபாடு வந்தால் சாதாரணக் கண்ணாடி விரிசல் விடக்கூடும்.

மாமாவின் முறை பாரத்தைக் குறைப்பதில்லை. அதற்குக் காரணமான வெறுமையையே ஒழிக்கிறது. இத்தகைய மூடியின் கீழ் விளிம்பில் உட்பக்கம் மடிந்த பற்கள் சில இருக்கும். கண்ணாடியின் மரைக்கு அடியில் மாட்டிப் பிடிப்பவை அவைதாம். இரண்டு பற்களுக்கு நடுவே இடைவெளி சற்று அதிகம். அங்கேதான் மாமா எவர்சில்வர் தேக்கரண்டியின் நுனியை மேல்நோக்கிச் செருகுகிறார், கரண்டியின் முதுகு கண்ணாடியில் சாய்ந்திருக்கும்படி. பிறகு காம்பைப் போத்தல் பக்கமாக மெதுவாக அழுத்துவார். நுனி மூடியின் விளிம்பை வெளியே தள்ளும். ஒரே இடத்தில் அமுக்காமல் அடுத்த இடைவெளிக்கும் நகர்வார். எங்காவது வளையம் முடியளவு எழும்பினால் போதும்: "ஸ்ஸ்" என்று காற்று நுழையும், மூடியின் நடுவில் அமுங்கியிருந்த வட்டம் "டொக்" என்று மேலே வரும். அதன்பின் குழந்தையும் திருகலாம்.

அலுமினியக் கரண்டி இதற்கு வளைந்துவிடும். கத்தி கூடாது; நுனி வழுக்கினால் கையில் ஏறும், கண்ணாடி வாயைச் சில்லாகப் பெயர்க்கவும் செய்யும். சில்லு பெயர்ந்திருந்தால் காயாவை வழித்து எடுக்கப் பார்க்காமல் போத்தலோடு எறிய வேண்டியதுதான். நெம்பிய மூடி கோணிப்போவதால் மறுபடி காற்றுப்புகாமல் மூடும் என்று நம்ப முடியாது. மீதியைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்.

இவ்வாய்வுக்கு ஓர் எல்லை உண்டு. 1903இல் இங்கே குடியேறிய ஹொக்சியூ சீனரின் வழிவந்த வீடுகளில் சிவப்பரிசி மது ஊறும் சாடிகளுக்கு இம்முடிவுகள் செல்லா; புளிக்கும் பொருள் உள்ளிருந்து வெளியே தள்ளும். அதே காரணத்தால், கடையிலேயே நடுவட்டம் மேலெழுந்த காயா போத்தலை வாங்கக் கூடாது. மூடி உப்பியிருந்தால் உள்ளே வேறு யாரோ குடியேறிவிட்டார்கள் என்று பொருள். ருசி பார்க்காமல் வீச வேண்டும்.

இரண்டாம் முறை திறப்பது வேறு நோய். அப்போது வெறுமை இல்லை. மரையில் வழிந்து காய்ந்த சர்க்கரைதான் கோந்தாகப் பிடித்திருக்கும். அங்கே கரண்டி பயனற்றது. சர்க்கரை கரைய வெந்நீர்தான் வேண்டும். ஆக, முதல் நாள் மாமாவும் அடுத்த நாட்களில் அத்தையும் சரி. இதை இருவரிடமும் அறிவித்தேன். "அப்ப மொத நாளு மட்டும்தான் அவரு" என்றார் அத்தை.

எஞ்சிய சிக்கல் ஒன்று. மாமா நெம்பிக் கீழே வைத்த போத்தலை அத்தை எடுத்துத் திருக, மூடி கழன்றது. "நான்தான் முன்னமே தளர்த்தி வச்சேன்" என்றார் மாமா. இவ்வாதத்தைச் சோதிக்க வழி உண்டு: காற்று நுழைந்திருந்தால் "டொக்" அவர் கையிலேயே கேட்டிருக்கும், வட்டமும் எழும்பியிருக்கும். எழும்பாத வட்டத்தைத் தளர்ந்த மூடி என்று உரிமை கோர முடியாது. அன்று டொக் கேட்டது அத்தை கையில். விளிம்பில் கரண்டித் தடம் இருந்தது என்று மாமா மேல்முறையீடு செய்திருக்கிறார்.