வலத்தோள் முந்தானை: ஒரு குடும்பப் படத்துக்கு இடம் கண்டது குறித்து

எங்கள் வீட்டு பீரோவின் இரண்டாம் தட்டில், பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்கும் காலாவதியான ரேஷன் அட்டைக்கும் நடுவே கிடைத்த ஒரு சதுரப் படமே இவ்வாய்வின் முதன்மைத் தரவு. பக்கத்துக்கு இரண்டேகால் அங்குலம். கறுப்பு வெள்ளை. ஓரம் தபால்தலை போலப் பல் பல்லாக வெட்டியிருக்கிறது. கைப்பிடிச் சுவர் ஒன்றுக்கு முன்னால் ஏழு பேர் நிற்கிறார்கள், பின்னால் கடல் தெரிகிறது. படத்தின் பின்பக்கம் பென்சிலில் '7' என்று ஒரே ஓர் எண். அது ஆட்கள் கணக்கா, பிலிம் சுருளில் ஏழாவது படமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அறிஞர் என்றது நானும் என் மனைவியும்.

இத்துறையின் முன்னோடி ஆய்வுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய மாமா திருச்செந்தூர்ப் பள்ளியைச் சேர்ந்தவர். 'ரயில்ல போனது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு' என்பது அவர் வாதம். படத்தில் ஐந்தாவதாக நிற்கும் பையன் அவரே என்பதால் அவர் சொல்லுக்கு வீட்டில் செல்வாக்கு அதிகம். என் அம்மா கன்னியாகுமரிப் பள்ளி. ஏழாவதாக நிற்கும் சிறுமி அவர்தான் என்றாலும், சம்பவ காலத்தில் சாட்சிக்கு வயது மூன்று. சின்ன மாமா அப்போது பிறக்கவேயில்லை. ஆனாலும் கன்னியாகுமரி இல்லை என்று அடித்துச் சொல்பவர் அவர்தான். 'அங்க கரையில நின்னு பாத்தா பெரிய பாறை இடப்பக்கம், சின்னது வலப்பக்கம். இதுல நேர்மாறா இருக்கு' என்பார். இந்த வாதத்தை எவராலும் உடைக்க முடியவில்லை. பொங்கல், தீபாவளி இரண்டிலும் சோற்றுக்குப் பிறகு இது பேசப்படும்.

படத்தில் இருப்பவர்களில் விவரம் தெரிந்த வயதில் நின்று இன்றும் நம்மோடு இருப்பவர் ஒருவரே. அம்பாசமுத்திரத்தில் இருக்கும் சின்ன ஆச்சி, என் ஆச்சியின் தங்கை, வயது 84. அவரிடம் கேட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இத்துறைக்குப் புதியவர்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். 'ஆச்சி, அந்தக் கடல் படம் கன்னியாகுமரிதானே?' என்று போனில் கேட்டேன். 'ஆமாய்யா, கன்னியாகுமரிதான்' என்றார். வெற்றிக் களிப்போடு இதை அறிவித்தபோது பெரிய மாமா சிரித்தார். முந்தின வாரம் அவர் 'திருச்செந்தூர்தானே சித்தி?' என்று கேட்டிருக்கிறார். அதற்கும் 'ஆமாப்பா' என்றுதான் பதில். சோதனைக்காக என் மனைவி 'குற்றாலமா ஆச்சி?' என்று கேட்டுப் பார்த்தாள். 'இருக்கும்மா' என்றார். கடல் தெரியும் படத்துக்குக் குற்றாலம்.

ஆச்சிக்கு மறதி என்று இதை முடித்துவிடக் கூடாது. போன் செய்த பிள்ளையின் மனம் கோணக் கூடாது என்பது அவர் கொள்கை. 'தானே' போட்டுக் கேட்டால் பெரியவர்கள் நம் பதிலையே நமக்குத் திருப்பித் தந்துவிடுவார்கள். ஆகவே இடத்தின் பெயரையே எடுக்காமல், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதிக் கேட்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன். நாம் கண்டுபிடித்ததை எழுதக் கூடாது, கண்டதைத்தான் எழுத வேண்டும். நம்பினால் நம்புங்கள், இந்த வேறுபாட்டைக் கைக்கொள்ள எனக்கு நான்கு வரைவுகள் ஆயின.

மூலப் படத்தை அனுப்பவில்லை. அதன் பின்னால் பேனாவால் எழுதவும் இல்லை, பால்பாயின்ட் அழுத்தினால் முன்பக்கம் முகத்தில் கோடு விழும். ஒரு முழுத்தாள் அளவுக்குப் பெரிதாக்கி நகல் எடுத்து, ஒவ்வொருவர் காலடியிலும் சிவப்பு மையில் 1 முதல் 7 வரை எண் போட்டேன். 'நடுவில் இருப்பது யார்' என்று கேட்டால் ஏழு பேரில் மூன்று பேர் நடுவில் இருக்கிறார்கள். கடிதத்தைப் பெரிய எழுத்தில், கேள்விக்குக் கேள்வி இடம் விட்டு எழுதினேன். அது வருமாறு:

'அன்புள்ள சின்ன ஆச்சிக்கு வணக்கம். நலம், நலமறிய ஆவல். இத்துடன் உள்ள படம் எங்கே எடுத்தது என்று தெரிய வேண்டும். நினைவு வராவிட்டால் பரவாயில்லை, கீழே உள்ளதில் எதற்குத் தோன்றுகிறதோ அதற்கு மட்டும் எழுதினால் போதும். பின்னால் கடலில் இரண்டு பாறைகள். வலப்பக்கம் இருப்பது பெரிது, இடப்பக்கம் இருப்பது சிறிது. இரண்டின் மேலும் கட்டடம் ஒன்றும் இல்லை. 1 கையில் ஒரு துணிப்பை, அதில் ஏதோ எழுத்து இருக்கிறது, மடிப்பில் "ப" மட்டும் தெரிகிறது. 2 எங்கள் ஆச்சி. 3 யார்? 4 நீங்கள்தான் என்று நினைக்கிறோம், சரியா? 2, 3, 4 மூவருக்கும் முந்தானை வலத்தோளில் கிடக்கிறது, அப்போது அப்படிக் கட்டுவது உண்டா? 5 பெரிய மாமா, மேல்வரிசையில் முன்பல் இரண்டும் இல்லை. 6 வலக்கையில் கடிகாரம் கட்டியிருக்கிறார், சட்டைப் பையும் வலப்பக்கம் இருக்கிறது. 7 எங்கள் அம்மா, கையில் சின்னப் பொட்டலம் ஒன்று, அது என்ன? படம் எடுத்தது யார்? சேலைகள் என்ன நிறம்?'

கடைசி இரண்டு கேள்விகளைப் பற்றி ஒரு வார்த்தை. படத்தில் இல்லாத ஆளை யாரும் விசாரிப்பதில்லை, ஆனால் எல்லாரும் பார்த்துச் சிரிப்பது அவரைத்தான். சேலை நிறத்தைக் கேட்டது தந்திரம். ஊர்ப் பெயர் மறந்தாலும் சேலை மறக்காது என்பது என் மனைவியின் கருதுகோள்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. ஆச்சி சொல்ல, பக்கத்து வீட்டுப் பெண் எழுதியது. வரிசை எண்களை ஆச்சி கொஞ்சமும் மதிக்கவில்லை. எடுத்ததும் சேலைதான்.

'மூணாவதா நிக்கது எங்க மதினி. அவ கட்டியிருக்கது என் சேலை. அரக்குக் கலரு, மயில்கழுத்துக் கரை. ஊருக்குப் போகையில கேட்டா, குடுத்தேன். வலத்தோள்ல முந்தானையா? நம்ம வீட்டுல யாரு அப்படிக் கட்டுவா? படம் கழுவுனவன் திருப்பிப் போட்டிருப்பான், கண்ணாடியில காட்டிப் பாரு. படம் எடுத்தது உங்க தாத்தாதான். ஆபீஸ்ல கூட வேலை பாத்தவரோட கேமரா. அதான் தாத்தா எந்தப் படத்துலயும் இருக்க மாட்டாக. உங்க அம்மா கையில இருக்கது அரிசி மணலு. அம்மனுக்குக் கல்யாணம் நின்னுபோயி, ஆக்க வச்சிருந்த அரிசியெல்லாம் மண்ணாப் போச்சாம். கருப்பு, சிவப்பு, அரிசின்னு மூணு பொட்டலம் வாங்குனோம். அரிசின்னு சொன்னதும் அவ வாயில போட்டுட்டா. பஸ்ஸுல வீடு வர வரைக்கும் துப்பிக்கிட்டே வந்தா.'

கடிதம் முழுவதிலும் ஊர்ப் பெயர் இல்லை. எழுதத் தேவையென்று ஆச்சிக்குத் தோன்றவில்லை போலும். சுசீந்திரத்து ஈசனுக்கும் குமரி அம்மனுக்கும் நடக்க இருந்த திருமணம் நின்றுபோனதும், விருந்துக்கு வைத்த அரிசி மணலானதும் எந்த ஊர்க் கதை என்று நெல்லைச் சீமையில் பிள்ளைகளுக்கும் தெரியும். கருமணலும் செம்மணலும் பொட்டலம் கட்டி விற்கும் கரையும் அதுதான்.

ஆனால் ஆய்வாளன் கதையோடு நிற்கலாகாது. கைக்கண்ணாடியில் படத்தைக் காட்டினேன். முந்தானைகள் இடத்தோளுக்குப் போயின. கடிகாரம் இடக்கைக்குப் போனது, சட்டைப் பையும் அதன் பழைய இடத்துக்கு வந்தது. பெரிய பாறை இடப்பக்கம், சின்னது வலப்பக்கம். சின்ன மாமாவின் அசைக்க முடியாத வாதம் அப்படியே நின்றது, ஆள் மட்டும் கட்சி மாறிவிட்டார். பையில் இருந்த 'ப' ஒன்றுதான் கண்ணாடியிலும் 'ப'வாகவே இருந்தது. தமிழ் எழுத்துகளில் திருப்பினாலும் மாறாதவை மிகக் குறைவு, எங்கள் அதிர்ஷ்டம் அதில் ஒன்றே மடிப்புக்கு வெளியே தெரிந்தது. ஒரு 'ட' தெரிந்திருந்தால் இருபது வருடத் தீபாவளிச் சண்டை மிச்சம்.

இது நடக்கும் விதம் எளிது. அக்காலத்துப் பெட்டிக் கேமராவில் 120 பிலிம் போட்டால் பன்னிரண்டு சதுரப் படம் விழும். பணம் மிச்சப்படுத்துவோர் பெரிதாக்காமல், நெகட்டிவைத் தாளின் மேலேயே வைத்து அதே அளவில் அச்சுப் போடச் சொல்வார்கள். நெகட்டிவின் ஒரு பக்கம் பளபளக்கும், மறுபக்கம் மங்கலாக இருக்கும். படம் படிந்திருப்பது மங்கல் பக்கத்தில். அந்தப் பக்கம் தாளைத் தொட வேண்டும். இருட்டறைச் சிவப்பு விளக்கில் கை தவறிப் பளபளப்பு கீழே போய்விட்டால் இடம் வலமாகும். படத்துக்கும் தாளுக்கும் நடுவே பிலிமின் கனம் புகுந்துவிடுவதால் கோடுகளும் ஒரு நூல் மழுங்கும். எங்கள் படத்தில் எல்லார் முகமும் சற்றுக் கலங்கித்தான் இருக்கிறது. தாத்தாவுக்குக் கை நடுக்கம் என்று இதுவரை சொல்லிவந்தது அபாண்டம்.

காலத்தைப் பாறையே சொல்கிறது. பெரிய பாறையில் விவேகானந்தர் மண்டபம் திறக்கப்பட்டது 1970 செப்டம்பர் 2-இல். சின்னதன் மேல் 133 அடி வள்ளுவர் நின்றது 2000 ஜனவரி 1-இல். படத்தில் இரண்டும் மொட்டை, ஆகவே மேல் எல்லை கிடைத்துவிட்டது. அதற்குள் ஆண்டைக் குறுக்கப் பெரிய மாமாவின் வாய் உதவியது. மேல் முன்பற்கள் ஆறு ஏழு வயதில் விழுந்து முளைக்கும். அவர் 1956-இல் பிறந்தவர், அம்மா 1959. ஓட்டைப் பல்லும் மூன்று வயதும் ஒன்றாகச் சந்திப்பது 1962-ஐ ஒட்டித்தான். ரயில் சாட்சியம் தள்ளுபடி செய்யப்படுகிறது. கன்னியாகுமரிக்கு ரயில் வந்தது 1979-இல். திருச்செந்தூருக்கு முன்பே இருந்தது, அவர் அதில் வேறொரு சமயம் போயிருக்கலாம். தீர்ப்பைக் கேட்ட மாமா, 'பஸ்ஸுதான். யாரோ துப்பிக்கிட்டே வந்தது ஞாபகம் இருக்கு' என்றார்.

இடம் கன்னியாகுமரி, காலம் 1962 வாக்கில். 4 சின்ன ஆச்சியா என்ற கேள்விக்கு அவர் பதில் எழுதவில்லை. மூன்றாவதாக நிற்பவர் கட்டியிருந்த அரக்குச் சேலை இன்றுவரை திரும்பி வரவில்லை என்று கடிதத்தின் கடைசி வரி சொல்கிறது. மதினி வழி வாரிசுகள் யாரேனும் இதைப் படித்தால் அம்பாசமுத்திரத்துக்கு ஒரு கடிதம் போடவும்.