மீட்டரைப் பாரு மாப்ள

அட வாப்பா மாப்ள! மெஷின் தண்ணியே சூடாக்கலைன்னு ஊரெல்லாம் தண்டோராப் போட்டியாமே? அம்மிணிகூட போன்ல அழுவாத குறையாச் சொன்னா. துணியை வெளிய எடுத்தா ஜில்லுன்னு இருக்குது, ஹீட்டர் செத்துப்போச்சுங்கறே. கெட்டிக்காரன்தான். எஞ்சினியரிங் படிச்ச மூளையில்ல?

ஏப்பா, துணியைக் கடைசியா என்ன தண்ணியில அலசுது? பைப்புல வர்ற பச்சத்தண்ணியில. ஹீட்டர் எரியறது சோப்புப் போட்டு அடிக்கற முதக் கட்டத்துல மட்டுந்தான். அதுக்கப்புறம் ரெண்டு மூணு தடவை பச்சத்தண்ணியில அலசிப்போட்டு, சுத்திப் புழிஞ்சு குடுக்குது. அப்பறம் துணி ஜில்லுன்னு இல்லாம, இட்லிச் சட்டியிலிருந்து எடுத்த மாதிரியா வரும்?

சரி, எந்த புரோகிராம்ல போட்டே? நாப்பது டிகிரியிலயா? உன்ற உடம்புச் சூடே 37. நாப்பது டிகிரித் தண்ணியில கைய வெச்சா வெதுவெதுன்னுதான் தோணும், சூடுன்னு உறைக்காது. கதவுக் கண்ணாடியைத் தொட்டுப் பாத்துட்டு "சூடே இல்லீங் மாமா"ங்கறே. சூடு உறைக்கோணும்னா அறுபதுல வெச்சுப் பாக்கோணும். முப்பது டிகிரியில போட்டிருந்தீன்னா இன்னும் தமாசு. சித்திரை வெயில்ல நம்ம மொட்டை மாடி டேங்க் தண்ணியே முப்பதுக்கு மேல இருக்கும். ஹீட்டர் எரியறதுக்கே வேலையில்ல. அவசரமாத் தொவைக்கற பதினஞ்சு நிமிசப் புரோகிராம்லயும் சூட்டை எதிர்பாக்காதே, அதுக்கு நேரமேது? மேல மூடி தொறக்கற மெஷின் வாங்கினவன் முதல்ல அதுல ஹீட்டர்னு ஒண்ணு இருக்குதான்னு பொஸ்தகத்தைப் பாக்கோணும். பாதிக்கு மேல இருக்காது. இல்லாத ஹீட்டரை ரிப்பேர் பண்ண ஆள் தேடறவங்களையும் நான் பாத்திருக்கறேன்.

உன்றது முன்னால கதவு தொறக்கற மெஷின். அதுல ஹீட்டர் இருக்குது, ட்ரம்முக்கு அடியில, வளைஞ்ச கம்பியாட்டம். பெரும்பாலும் 2000 வாட். மோட்டாருக்குக் காயில் கட்டியே கை காப்புக் காச்சுப்போன கெழவன் சொல்றேன், கேட்டுக்க. கடைக்காரன் சொல்றதையும் கேக்காதே, கண்ணாடியையும் தடவாதே. மீட்டரைப் போயிப் பாரு.

துணியில்லாம மெஷினை அறுபது டிகிரியில ஓட்டு. ஃபிரிட்ஜ், ஃபேன், ஏசி எல்லாத்தையும் சித்த நேரம் நிறுத்திப்போடு. அம்மிணி சீரியல் பாத்துட்டிருந்தா அதையும். அதுக்கு வாங்கற திட்டை நீயே வாங்கிக்க. மீட்டர்ல ஒரு செவப்புப் பொட்டு மின்னும் பாரு, பக்கத்துல 3200 imp/kWh-னு எழுதியிருக்கும். யூனிட்டுக்கு 3200 தடவை மின்னும்னு அர்த்தம். வெறும் மோட்டார் உருட்டும்போது அஞ்சாறு செகண்டுக்கு ஒருக்கா மின்னும். தண்ணி ரொம்பிச் சித்த நேரங்கழிச்சு ஹீட்டர் புடிச்சதும், செகண்டுக்கு ரெண்டுங்கற கணக்குல படபடன்னு அடிக்கும். உன்ற மீட்டர்ல வேற நம்பர் போட்டிருந்தா வேகம் மாறும். ஆனா வித்தியாசம் பத்து மடங்குக்குக் கொறையாது, கண்ணாடி போடாமயே எனக்குத் தெரியும். இந்தப் படபடப்பு வரலேன்னா ஹீட்டருக்குக் கரண்ட் போவலை. வந்துச்சுன்னா வாயை மூடிட்டு வந்து சோறு தின்னு.

எத்தனை நேரம் அடிக்கும்னு கேக்கறியா? பன்னெண்டு லிட்டர்த் தண்ணி 28 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற, 2000 வாட்டுல சுத்தக் கணக்குக்குப் பதினாலு நிமிசத்துக்குக் கொஞ்சங் கொறைவு. ட்ரம்மும் இரும்பும் கொஞ்சஞ் சூட்டைக் குடிக்கும், வழியில நிறுத்தி நிறுத்தி எரியும். இருவது, இருவத்தஞ்சுன்னு வெச்சுக்க. அந்த நேரத்துல மிச்ச நிமிசம் காட்டற நம்பர் நகராம நின்னாலும் பதறாதே, சூடேறக் காத்துட்டிருக்கும். அரை மணிக்கு மேலயும் அதே நம்பர், மீட்டரும் மெதுவா மின்னுதுன்னா, அப்பத்தான் நீ அழுவலாம். சில மெஷின் கொஞ்ச நேரம் காத்துப் பாத்துட்டு, உனக்கொரு வார்த்தை சொல்லாம பச்சத்தண்ணியிலயே தொவைச்சு முடிச்சுரும். சிலது நேர்மையா HE, tE-ன்னு எழுத்தைக் காட்டி நிக்கும். எந்த எழுத்துக்கு என்ன கோளாறுன்னு கூட வந்த பொஸ்தகத்துல இருக்கும், பொட்டலம் மடிக்காம வெச்சிருந்தா.

இன்னொரு விதம் இருக்குது, அதுதான் விசம். பச்சத்தண்ணி புரோகிராம் நல்லா ஓடும். சுடுதண்ணியில போட்டா தண்ணி ரொம்பிக் கொஞ்ச நேரத்துல வீட்டு மெயின்ல கசிவு பாத்து விழற அந்தச் சுவிட்ச் 'டப்'புனு விழுந்துரும். ஹீட்டர் உள்ளுக்குள்ள கரண்ட்டை ஒடம்புக்குக் கசிய விடுதுன்னு அர்த்தம். அதைத் தூக்கித் தூக்கி விடற தைரியசாலி எவனாவது இருந்தா சொல்லு, அவன் பேர்ல இன்சூரன்ஸ் எடுத்துவிடலாம்.

நம்ம போர்த் தண்ணியில உப்பு எத்தனைன்னு உனக்குத் தெரியாதா? அந்த வெள்ளை உப்பு ஹீட்டர் மேல படிஞ்சுக்கும். "உப்புப் படிஞ்சா தண்ணி சூடாவாது"ன்னு ஒருத்தன் சொன்னான். தப்பு. கரண்ட் போற வரைக்கும் சூடு தண்ணிக்குத்தான் வரும், கொஞ்சந் தாமசமா. ஆனா உப்புக்கு அடியில கம்பியோட சூடு எகிறி, ஒரு நா உள்ள அறுந்துரும், இல்லாட்டி உறை வெடிச்சுக் கசியும். ஒரு வருசம், ரெண்டு வருசம்னு அதுக்குக் கெடு கிடையாது, தண்ணியைப் பொறுத்தது. உப்பு நீக்கற பொடியைப் பாக்கெட்டுல சொன்னபடி போட்டு வெறும் மெஷினை ஓட்டறவனுக்குக் கம்பி ரொம்ப நாள் தாங்கும்.

மெக்கானிக் வந்து, மெஷினைத் தொட்டும் பாக்காம, "போர்டு போச்சுங்க"ன்னு சொன்னானாமே? அப்பிடியா! நல்ல பையன். போர்டு போயிருக்கவும் செய்யலாம், அதுல ஹீட்டருக்குக் கரண்ட் விடற ரிலே கருகும். ஆனா ஹீட்டரைப் பாக்காம போர்டை எப்பிடிச் சொன்னான்னு கேளு. பிளக்கைப் புடுங்கிப்போட்டு, ஹீட்டர் வயர் ரெண்டையும் கழட்டி, மீட்டர் வெச்சுப் பாக்கச் சொல்லு. 2000 வாட்டுக்கு 26 ஓம் பக்கத்துல காட்டோணும். ஒண்ணுமே காட்டலையா, கம்பி அறுந்துருச்சு. ரெண்டு முனையிலிருந்தும் ஒடம்புக்கு மெகர் வெச்சுப் பாக்கோணும். சாதா மீட்டர் கசிவைக் கண்டுபிடிக்காம ஏமாத்தும், எங்க பட்டறையில அதை நம்பி மோட்டார் கட்டினவன் கெட்டான். இது ரெண்டும் சரியா இருந்தா தண்ணிச் சூட்டை அளக்கற சென்ஸாரையும், வயரையும் பாரு. வயர்னதும் நெனப்பு வருது: பொடக்காணிப் பக்கம் மெஷினை வெச்சிருக்கறே, அடியில எலி பூந்து கடிச்சிருந்தா அதுக்கு எந்தப் போர்டும் தேவையில்ல. இதெல்லாம் பாத்து முடிச்சும் வழியில்லாட்டித்தான் போர்டு.

இதையெல்லாம் நீயே கழட்டப் போயிராதே. மீட்டர்ல மின்னறதை எண்ணறது உன் வேலை, ஸ்க்ரூவைத் தொடறது அவன் வேலை. நாளைக்கு அவன் வரும்போது என்னையும் கூப்புடு, மெகரை எடுத்துட்டு வர்றேன்.