அனைவருக்கும் பதில்

பத்து சப்ளையர்களிடம் விலைப்புள்ளி கேட்பவர், முகவரிகளை பிசிசியில் ஒளிப்பது என்ன பண்பாடு? சிசியில் போடுங்கள். போட்டியாளர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளட்டும்.

ஒருவர் 'ரிப்ளை ஆல்' அழுத்தித் தன் விலையைச் சொல்வார். மற்ற ஒன்பது பேரும் அதைவிட ஐந்து ரூபாய் குறைவாகக் கேட்பார்கள். டெண்டர் கமிட்டி மிச்சம்! "தயவுசெய்து எல்லோருக்கும் பதில் அனுப்பாதீர்கள்" என்று ஒரு பொறுப்பாளி எல்லோருக்கும் அனுப்புவார். "சரி, நன்றி" என்று இன்னொருவர், அதுவும் எல்லோருக்கும்.

பிசிசியின் மகிமையும் விளங்கவேண்டுமே! அதில் மேலாளரை மட்டும் ரகசியமாக வையுங்கள். சிசியிலிருக்கும் பத்து பேருக்கும் அவர் இருப்பதே தெரியாது. அவரே 'ரிப்ளை ஆல்' அழுத்தும் வரை.

அழுத்தினார்: "ஆர்டர் என் மச்சானுக்குத்தானே? இவர்களை எதற்குக் கேட்கிறாய்?"

பத்து பேரும் உடனே பதில் அனுப்பினார்கள். இம்முறை, மேலாளரின் மேலதிகாரியை மறக்காமல் சிசியில் சேர்த்து.