கரண்ட் போன அன்று நான்

2003 ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை, பின்னேரம் 4:11. ரொறன்ரோ முழுக்கக் கரண்ட் போனபோது நான் சப்வேக்குள். பேப் தாண்டி ரயில் நின்றுவிட்டது. ஒரு கிழவரைக் கைத்தாங்கலாக இருட்டுப் பாதையால் வெளியே கொண்டுவந்தேன். இரவு அமாவாசைக் கும்மிருட்டு.

இருபது வருஷமாக, கலியாண வீடு செத்தவீடு பாராமல் இதைச் சொல்லிவருகிறேன். போன வருஷம் அந்தக் கிழவருக்கு ஒரு மனைவியும் சேர்ந்துவிட்டார்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அண்ணர் எதையும் எறியாதவர். கரண்ட் போன மூன்றாம் நாள் நான் அவருக்கு எழுதிய கடிதத்தைக் கொண்டுவந்திருந்தார். என் கையெழுத்துத்தான். இரவு வேலை முடித்துவந்து நித்திரை கொண்டேனாம். காற்றாடி நின்று வேர்த்ததில் எழும்பினேனாம். சப்வேயில் மாட்டியவர் மேல்மாடிக்காரர். படிக்கட்டில் இருந்து கதை சொன்னாராம். சரி, அமாவாசையாவது மிஞ்சும் என்று மகளைப் பார்க்கச் சொன்னேன். ஆகஸ்ட் 12 பௌர்ணமி!

எனக்குத் துணைக்கு ஆட்கள் இருக்கிறார்கள். 1986 ஜனவரி 28இல் சாலஞ்சர் விண்ணோடம் வெடித்த மறுநாள், உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் அமெரிக்க மாணவர்களிடம் செய்தியை எங்கே, யார் சொல்லிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கி வைத்தார். இரண்டரை வருஷத்துக்குமேல் கழித்து 44 பேரிடம் அதையே திரும்பக் கேட்டார். பதினொரு பேருக்கு முக்கியமான ஒன்றுகூடச் சரியில்லை. வகுப்பில் காதால் கேட்டவர்கள் பலர் டிவியில் பார்த்ததாகச் சத்தியம் செய்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. டிவியில் அந்தக் காட்சியைப் பிறகு பார்த்தது நிஜம். எது முதல், எது பிறகு என்ற வரிசைதான் குழம்பிவிட்டது. எனக்கு மேல்மாடிக்காரரின் வாய் என் கண்ணாகிவிட்டது போல.

நியூயோர்க் இரட்டைக் கோபுரம் விழுந்த மறுநாள் டியூக் பல்கலைக்கழகத்தில் ஒருபடி மேலே போனார்கள். மாணவர்களிடம் அந்தச் செய்தி வந்த நேரத்தோடு, அதை ஒட்டிய நாட்களில் நடந்த ஒரு சாதாரண விஷயத்தையும் எழுதி வாங்கினார்கள். மாதங்கள் போக இரண்டு நினைவும் ஒரே அளவுக்குத்தான் பழுதாயின. ஆனால் சாதாரண விஷயத்தில் நம்பிக்கை குறைந்தது; கோபுரம் விழுந்ததில் குறையவில்லை. அதிர்ச்சி நினைவைக் காப்பாற்றுவதில்லை, வீறாப்பை மட்டும் காப்பாற்றுகிறது. நேற்றுக் கார்த் திறப்பை எங்கே வைத்தேன் என்று கேட்டால் நான் பம்முவதும், சப்வே என்றால் நெஞ்சை நிமிர்த்துவதும் அதனால்தான்.

மனைவிக்கு ஒரே சிரிப்பு. அன்றிரவு தான் குத்துவிளக்கேற்றி, கட்டடத்துக்கே இடியப்பம் அவித்துக் கொடுத்ததாக அவள் சொல்வது வழக்கம். நான் கடிதத்தின் மறுபக்கத்தை வாசித்தேன்: மேல்மாடிக்காரரிடம் கடன் வாங்கிய மெழுகுதிரி. மின்னடுப்பு வேலை செய்யாததால் பாணும் வாழைப்பழமும்.

அவள் அசையவில்லை.

“நீங்கள் அண்டைக்கே பிழையாத்தானப்பா எழுதியிருக்கிறியள்.”