மூணு அஞ்சு புக்கு

செவ்வாய், காலை 7.05

முருகேசன்: பெரியப்பா, முழிச்சாச்சா?

பெரியப்பா: உனக்கு மணி ஏழு. இங்க நாலரை. கோழியே தூங்குது. சொல்லு.

முருகேசன்: ரயில்வே தாத்தா 9 நாளா கடைக்கு வரலை. தினம் வருவாரே, தமிழ் முரசும் ரொட்டியும் வாங்க.

பெரியப்பா: எந்தத் தாத்தா? ரயில் ஓடின காலத்துல தங்ளின் ஹால்ட்ல இருந்தாரே, அவரா?

முருகேசன்: அவரேதான். 1962ல கட்டின பத்து மாடி வீட்டுல இருந்தவர். சீனவங்க ‘சாப் லாவ்’ம்பாங்க. 2014ல வீவக 31 புளோக்கை எடுக்கப்போறோம்னு அறிவிச்சுது. அப்புறம் டாசன்ல புது வீடு கிடைச்சுப் போயிட்டாரு. போனாலும் பழக்கம் விடாம நம்ம கடைக்கே வருவாரு.

பெரியப்பா: வீடு மாறியும் கடை மாத்தாத மனுஷன். அவரையே ஓட்டிட்டியே, கெட்டிக்காரன்டா நீ.

முருகேசன்: நான் என்ன பண்ணேன்! உடம்பு சரியில்லையோன்னு பயமா இருக்கு.

பெரியப்பா: பயப்படு, ஆனா வரிசையா பயப்படு. மொதல்ல ஆளு நடமாடுறாரான்னு பாரு. வெள்ளிக்கிழமை முனீஸ்வரன் கோயிலுக்குப் போவாரா?

முருகேசன்: தவறாம போவாரு. ரயில்வே தொழிலாளிங்க கும்பிட்ட சாமியாச்சே. இப்ப கோயில் நம்ம கமன்வெல்த் டிரைவ்லதான் இருக்கு.

பெரியப்பா: போன வெள்ளி?

முருகேசன்: ... பார்த்தேன் பெரியப்பா. எதிர்ப்பக்கமா போனாரு. கூப்பிட்டேன், காதுல விழலை போல.

பெரியப்பா: கோயில் மணி கேக்குற காதுக்கு உன் குரல் மட்டும் கேக்கலை. அடேய், கால்ல நோவு இருக்கிறவன் கிட்ட வழியில நடப்பான். மனசுல நோவு இருக்கிறவன்தான் சுத்து வழியில நடப்பான். கடன் பாக்கி வெச்சிருக்காரா?

முருகேசன்: அதுதான் ஆச்சரியம். கடைசியா வந்த அன்னிக்கு 18 வெள்ளி 40 காசையும் எண்ணி வெச்சுட்டுப் போயிட்டாரு. ரொம்ப நல்ல மனுஷன்.

பெரியப்பா: சந்தோஷப்பட்டியா?

முருகேசன்: பட்டேன்.

பெரியப்பா: நான் மளிகைக்கடையில நாப்பது வருஷம் கல்லாவுல உக்காந்தவன்டா. பாக்கி வெச்சவன் என்னிக்காவது திரும்பி வருவான். பைசா மிச்சமில்லாம தீர்த்தவன் வர மாட்டான், அவன் சொல்லாமச் சொல்லிட்டுப் போறான். அன்னிக்கு அப்படி என்ன நடந்துச்சு?

முருகேசன்: ஒண்ணுமில்லை. கல்லாவுல கியூஆர் வெச்சேன். ‘கடன் கிடையாது’ன்னு ஒரு அட்டை தொங்கவிட்டேன். மூணு அஞ்சு புக்கை எல்லாம் தூக்கிப் பரண்ல போட்டுட்டேன்.

பெரியப்பா: அதென்ன புக்கு?

முருகேசன்: அட்டையில 555ன்னு போட்ட குட்டி நோட்டு. இங்க மாமா கடையில எல்லாம் அதுலதான் கடன் எழுதுவோம். ஒரு ஆளுக்கு ஒரு நோட்டு.

பெரியப்பா: அந்த நோட்டுல அவர் பேரு எத்தனை வருஷமா இருந்துச்சு?

முருகேசன்: அப்பா காலத்துலேருந்து.

பெரியப்பா: ஊரே பார்க்க அந்தப் பேரை அடிச்சுட்டு, ‘நான் என்ன பண்ணேன்’ங்கிற. அவருக்குக் காசில்லாமலா கடன் சொன்னாரு? ‘எழுதிக்கப்பா’ன்னு சொல்ற உரிமைக்குச் சொன்னாரு.

முருகேசன்: பழம் வாங்கிட்டு டாசனுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுறவா?

பெரியப்பா: போடா மடையா. பழத்தோட போனா, ஆஸ்பத்திரி பார்வையாளர்னு நெனச்சுக்குவாரு. மன்னிப்புக் கேட்டா அவர் கோபப்பட்டது வெளிய தெரிஞ்சு இன்னும் கூச்சப்படுவாரு. பரண்ல ஏறி நோட்டை எடு. கடைசிப் பக்கத்தைக் கூட்டு.

காலை 7.40

முருகேசன்: பால் 3.20, காபித்தூள் 4.50, ரொட்டி 2.80, வெத்தலை பாக்கு 1.50, நல்லெண்ணெய் 5.00.

பெரியப்பா: கூட்டுடா, கூட்டு.

முருகேசன்: 17 வெள்ளி. ஐயோ! 18.40ன்னு எழுதியிருக்கேன். 1.40 கூட வாங்கிட்டேன் பெரியப்பா!

பெரியப்பா: அப்பாடா. தப்பு இல்லாட்டி ஒரு தப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்னு இருந்தேன். நீ என் தம்பி மகனாச்சே, நம்ம குடும்பத்துக்குக் கூட்டல் வராது. இப்ப கடன்காரன் யாரு?

முருகேசன்: நான்.

பெரியப்பா: அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை கோயில் வாசல்ல நில்லு. ‘தாத்தா, கணக்குல தப்பு, உங்களுக்கு 1.40 தரணும்’னு மட்டும் சொல்லு. வேற ஒரு வார்த்தை வேண்டாம். அட்டையை அதுக்கு முன்னாடி கழட்டு.

வெள்ளி, இரவு 9.15

முருகேசன்: கடைக்கு வந்தாரு!

பெரியப்பா: வருவாரு. தப்பு எங்கேன்னு பார்க்க எவனும் வருவான். என்ன சொன்னாரு?

முருகேசன்: கண்ணாடி போட்டுக்கிட்டு நோட்டை அரை மணி நேரம் பார்த்தாரு. ‘உங்கப்பன் கணக்குல இப்படித் தப்பு வராதுடா’ன்னு நல்லா திட்டினாரு. காசை நீட்டினேன், வாங்கலை. ‘நோட்டுல எழுதி வை, நாளைக்கு ரொட்டியில கழிச்சுக்கலாம்’னு போயிட்டாரு.

பெரியப்பா: சரி, நாளைக்கு ரொட்டிக்கு என்ன பண்ணுவ?

முருகேசன்: 1.40 கழிச்சுட்டு மீதியை...

பெரியப்பா: கழிப்பியா?

முருகேசன்: ...கழிக்க மறந்துடுவேன் பெரியப்பா.

பெரியப்பா: இப்பதான்டா கடைக்காரன் ஆயிருக்க. போய்த் தூங்கு.