ஆயிரம் அயோடின் மூலக்கூறுகளில் 357 ஆடுகின்றன

*அதிர்வு வெப்பநிலை என்கிறார்களே, அதை எந்தத் தெர்மாமீட்டரில் அளந்தார்கள்?*

எதிலும் இல்லை. ஹைட்ரஜனுக்கு அது 6,000 கெல்வினைத் தாண்டும்; உங்கள் தெர்மாமீட்டர்தான் பாவம். அது உண்மையில் வெப்பநிலை வேடம் போட்ட ஆற்றல். அடுத்தடுத்த இரு அதிர்வு மட்டங்களின் ஆற்றல் இடைவெளியை போல்ட்ஸ்மான் மாறிலியால் வகுத்தால் கெல்வினில் ஓர் எண் வரும். அதற்கு θ என்று பெயர். நிறமாலைக்காரர்களுக்குக் குறுக்குவழி உண்டு: செ.மீ.⁻¹ அலகில் உள்ள அலை எண்ணை 1.439-ஆல் பெருக்கிவிடுவார்கள். அயோடின் ஆவிக்கு 214.5 × 1.439, அதாவது சுமார் 309 கெல்வின்.

*300 கெல்வினில் அயோடினின் ஒன்றாம் மட்டத்துக்கு 0.357 என்று எனக்கு வருகிறது. புத்தகத்திலோ 0.230. அச்சுப்பிழையா?*

அச்சகத்தாரை விட்டுவிடுங்கள். இரண்டும் சரி, கேள்விகள்தான் வேறு. 309-ஐ 300-ஆல் வகுத்தால் 1.03, e^(−1.03) = 0.357. இது ஒன்றாம் மட்டத்துக்கும் அடிமட்டத்துக்கும் உள்ள விகிதம். புத்தகம் கேட்டது மொத்தத்தில் எத்தனை பங்கு என்று. மட்டங்கள் சம இடைவெளியில் இருப்பதாகக் கொண்டால் ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் 0.357 மடங்கு. இந்தப் பெருக்குத் தொடரைக் கூட்டினால் அடிமட்டத்தின் பங்கு 1 − 0.357 = 0.643 என்றாகிறது. அதை 0.357-ஆல் பெருக்கினால் 0.230, மறுபடி பெருக்கினால் 0.082. ஆக ஆயிரம் மூலக்கூறுகளில் 643 அடிமட்டத்தில், 230 ஒன்றில், 82 இரண்டில், மீதி 45 அதற்கும் மேலே. கூட்டினால் ஆயிரம் வரவேண்டும். வராவிட்டால் அப்போது அச்சகத்தாரைத் திட்டலாம்.

*அடிமட்டத்திலேயே அரை குவாண்டம் ஆற்றல் இருக்கிறதே, அதைச் சேர்க்க வேண்டாமா?*

எல்லா மட்டங்களுக்கும் அது பொதுவானது. வகுக்கும்போது அடிபட்டுப் போகும்.

*நாம் சுவாசிக்கும் நைட்ரஜனும் இப்படி ஆடுகிறதா?*

அது மகா சோம்பேறி. மும்மடிப் பிணைப்பு விறைப்பானது, அணுக்களும் இலேசு. θ சுமார் 3,390 கெல்வின். அதை 300 கெல்வினால் வகுத்தால் 11.3. லட்சம் மூலக்கூறுகளுக்கு ஒன்றிரண்டுதான் ஒன்றாம் மட்டத்தில் இருக்கும். அறை வெப்பத்தில் நைட்ரஜனின் வெப்ப ஏற்புத்திறனில் அதிர்வின் பங்கை யாரும் கண்டுகொள்ளாததற்கு இதுவே காரணம்.

*சூடாக்கிக்கொண்டே போனால் ஒன்றாம் மட்டம் அடிமட்டத்தை முந்துமா?*

வெப்பச் சமநிலையில் ஒருபோதும் இல்லை. விகிதம் 1-ஐ நெருங்கும், எட்டாது. வேண்டுமானால் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஓர் அயோடின் மாதிரியில் ஒன்றாம் மட்டத்துக்கும் அடிமட்டத்துக்கும் உள்ள விகிதம் 0.45 என்றால், வெப்பநிலை 309 ÷ ln(1/0.45) = 387 கெல்வின். இரண்டாம் மட்டத்துக்கும் ஒன்றாம் மட்டத்துக்கும் உள்ள விகிதமும் ஏறக்குறைய 0.45 வர வேண்டும். வரவில்லையா? ஆவி சமநிலையில் இல்லை, அல்லது நிறமாலைப் பட்டைகளின் செறிவை ஃபிராங்க்-காண்டன் காரணியால் வகுக்க மறந்துவிட்டீர்கள். முதலில் இரண்டாவதைச் சந்தேகியுங்கள்.