ஒட்டும் உறவும்

ஊருக்கு ஊர் ஓர் 'ஒத்தப் பங்கு அண்ணன்' இருக்கிறார். உத்திரமேரூர் டீக்கடை பெஞ்சில் அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். டீ ஆறி ஆடை கட்டியிருக்கும், கண் செல்போனில் இருக்கும். நூறு பங்கு வாங்கிய கம்பெனியை 'நம்ம கம்பெனி' என்பார். விலை ஏறினால், "நான் அப்பவே சொன்னேன்ல." இறங்கினால், "சல்லிசா கெடைக்குது, அள்ளிப் போடணும்." விற்பது என்ற வினைச்சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

எங்கள் வீட்டுக்கு வாய்த்தவர் பெரியம்மா மகன். காஞ்சிபுரத்தில் பைக் கடன் வசூலிக்கும் வேலை. ஏழு வருஷச் சேமிப்பு ஆறு லட்சத்தையும் ஒரே தனியார் வங்கியின் பங்கில் போட்டிருந்தார்.

"இருக்கிற வெதநெல்லு மொத்தத்தையும் ஒரே கழனில கொட்டுவாங்களாடா?" என்று பெரியம்மா தினமும் அரித்ததில், ஒருநாள் வேண்டாவெறுப்பாக அதை ஐந்தாகப் பிரித்தார். ஐந்தும் கடன் கொடுக்கிற கம்பெனிகள்.

"எல்லாம் பேங்க்கா இருக்கே அண்ணா?"

"நமக்குத் தெரிஞ்ச தொழிலு பாப்பா. பேரு அஞ்சும் வேற வேறதான?"

2020 மார்ச் 5. யெஸ் வங்கியில் கணக்கு வைத்திருப்பவர்கள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. அண்ணன் சிரித்தார். "அது வேற பேங்க்கு. நம்மகிட்ட அது ஒண்ணுகூட இல்ல." அவரிடம் இருந்த ஐந்தும் அடுத்த நாளே இறங்கத் தொடங்கின. மார்ச் 23 அன்று கொரோனா பயத்தில் சென்செக்ஸ் ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தது. நான்கு நாள் கழித்து, கடன் தவணைகளுக்கு மூன்று மாத அவகாசம் தரலாம் என்றது ரிசர்வ் வங்கி. தவணை இல்லை, அதனால் வசூல் இல்லை, அதனால் அண்ணனுக்கு ஊக்கத்தொகையும் இல்லை. பங்கு விழுந்த அதே பள்ளத்தில் சம்பளமும் விழுந்தது.

நான் அப்போது புள்ளியியல் இரண்டாம் ஆண்டு. 'ஒட்டுறவுக் கெழு -1 முதல் +1 வரை இருக்கும்' என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்திருந்தேன். ஊரடங்கில் வேறு வேலை இல்லாததால் அண்ணனுடைய பங்குகளைக் கணினியில் ஏற்றி `=CORREL(B2:B61,C2:C61)` என்று தட்டினேன். முதலில் மாதக் கடைசி விலைகளையே போட்டுவிட்டேன். அது தப்பு. ஐந்து வருஷத்தில் எருமையும் வளரும், வேப்பமரமும் வளரும். இரண்டுக்கும் ஒட்டுறவு பிரமாதமாக வரும். மாதாமாதம் எத்தனை சதவீதம் ஏறி இறங்கியது என்பதைப் போட வேண்டும். திருத்திப் போட்டேன். எந்த ஜோடியை எடுத்தாலும் ஏறக்குறைய 0.8.

ஒவ்வொரு பங்கும் வருஷத்துக்கு 30 சதவீதம் ஆடுகிறது என்று வையுங்கள். ஐந்துக்கும் ஒன்றோடொன்று ஒட்டும் உறவும் இல்லையென்றால், ஐந்திலும் சமமாகப் போட்ட பணத்தின் ஆட்டம் 13 சதவீதமாகச் சுருங்கிவிடும். ஒன்றுக்கொன்று 0.8 என்றால் 27.5. ஐந்தாகப் பிரித்த பாட்டுக்குக் கிடைத்த கூலி இரண்டரை சதவீதம்! அதே ரகத்தில் ஐம்பது பங்கு வாங்கினாலும் ஏறக்குறைய 27-தான்.

பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். "இதுக்கா காலேஜுக்குப் போற? ஏரிப் பாசனத்துல மூணு கழனி இருந்தா, ஏரி வத்துனா மூணும்தான் காயும். அதுக்குத்தான உங்க பெரியப்பா கெணத்து மேட்டுல வேர்க்கல்ல போட்டாரு."

எங்கள் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. குடவோலைக்காக அதைப் பார்க்க வருகிறார்கள். எனக்குப் பிடித்தது அதில் உள்ள தள்ளுபடிப் பட்டியல். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவனுடைய பெரியம்மா மகன், சித்தி மகன், அத்தை மகன், மாமன் மகன் யாரும் நிற்கக்கூடாது. பேர் வேறானாலும் ஆட்கள் ஒன்றாகச் சாய்வார்கள் என்று 921-லேயே சபை கணக்குப் போட்டுவிட்டது. அந்தச் சட்டப்படி அண்ணனால் எனக்கும் சீட்டு கிடையாது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மார்ச் 23 அன்று சோப்புக் கம்பெனி, மருந்துக் கம்பெனி எல்லாமே விழுந்தன. பெரும் பீதியில் ஒட்டில்லாத பங்குகளும் உறவாகிவிடும். விலகி நின்றது பெரியம்மாவின் சங்கிலிதான். அந்த ஆகஸ்டில் தங்கம் பத்து கிராம் 55,000 ரூபாயைத் தாண்டியபோது, அதை அடகு வைத்துத்தான் வீடு ஓடியது.

இப்போது அண்ணனிடம் பத்துப் பங்குகள். ஏழு வங்கி, இரண்டு நகைக்கடன் கம்பெனி. பத்தாவதைப் பற்றிக் கேட்டேன்.

"அது இன்சூரன்ஸ் பாப்பா. அந்த ஏழுல ஒரு பேங்க்கு நடத்துது."